நள்ளிரவில் இழுக்கும் கெண்டைக்கால்

ராத்திரி கால் நரம்பு இழுத்துக்கொண்டது என்று காலையில் சொன்னால் போதும், வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "உடம்புல சத்து இல்ல." பிறகு வாழைப்பழம், முருங்கைக்கீரை, இளநீர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மெக்னீசியம் மாத்திரை சாப்பிட்டுத் தனக்குச் சரியான கதையைச் சொல்வார். மருந்துக் கடைக்காரர் கால்சியத்தோடு ஒரு பி காம்ப்ளக்ஸையும் சேர்த்துக் கொடுப்பார். ஆனால் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இரவில் வரும் கால் பிடிப்பில், சத்துக் குறைவுதான் காரணம் என்று தெரியவருவது குறைவு. பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. படுக்கையில் பாதம் எப்படிக் கிடக்கிறது, மாத்திரை டப்பாவில் புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது, காலுக்குப் போகும் நரம்பும் ரத்த ஓட்டமும் ஒழுங்காக இருக்கின்றனவா என்பவைதான் அவை.

பிடிப்பு வரும்போது நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கெண்டைக்காலின் பின்புறச் சதை. சிலருக்கு உள்ளங்கால், சிலருக்குத் தொடையின் பின்பக்கம். நாம் அசைக்க நினைக்காதபோதே, சதைக்கு வரும் நரம்பு தானாகத் துடித்துச் சதையைச் சுருக்கத் தொடங்கிவிடுகிறது. கையை வைத்துப் பார்த்தால் சதை ஓரிடத்தில் உருண்டு திரண்டு நிற்பது தெரியும். பாதம் கீழ்நோக்கி வளைந்துகொள்ளும். சில நொடிகளில் விட்டுவிடலாம். சில நிமிடங்கள் ஆகலாம். பத்து நிமிடம் வரை இழுத்துப் பிடிப்பதும் உண்டு. விட்ட பிறகும் அடிபட்டதைப் போன்ற வலி மறுநாள் வரை தங்கும். அந்த வலியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கடுமையாக உழைத்த சதையின் வலிதான் அது.

இது ஏன் பகலில் வராமல் படுத்த பிறகு வருகிறது? நிற்கும்போது பாதமும் காலும் எல் வடிவத்தில் இருப்பதால் கெண்டைச் சதை ஓரளவு நீண்டிருக்கும். படுத்துவிட்டால் பாதம் தொய்ந்து விரல்கள் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். கனமான போர்வை அதை இன்னும் அழுத்தும். குப்புறப் படுப்பவர்களுக்குப் பாதம் முழுவதுமாகப் பின்னோக்கி நீண்டுவிடும். அப்போது கெண்டைச் சதை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் அது மேலும் சுருங்கினால் சுலபமாகப் பூட்டிக்கொள்ளும். விடிகாலையில் சோம்பல் முறிக்கிறேன் என்று கால் விரல்களை நுனிவரை நீட்டிய மறுகணமே கெண்டைக்கால் இழுத்துக்கொண்ட அனுபவம் பலருக்கு இருக்கும். அதன் காரணமும் இதுதான். அடிக்கடி பிடிப்பு வருகிறவர்கள் சோம்பல் முறிக்கும்போது விரலை நீட்டாமல் குதிகாலை முன்னே தள்ளி முறித்துப் பழகலாம்.

வயதாக ஆக இது கூடுகிறது. தசைகளும் தசைநாண்களும் மெல்லக் குட்டையாகின்றன. சதைக்கு வரும் இயக்க நரம்பிழைகள் குறைகின்றன. காலை முழுக்க நீட்டி மடக்கும் வேலையும் குறைந்துவிடுகிறது. குத்தவைத்து உட்காரும் பழக்கம் போய், நாற்காலியும் உயரமான கழிப்பறையும் வந்ததுதான் காரணம் என்றொரு கருத்தை 1988இல் மருத்துவ இதழ் ஒன்றில் இருவர் முன்வைத்தார்கள். குத்தவைக்கும்போது கணுக்கால் மடங்கிக் குதிகால் பக்கத்துச் சதை நன்றாக நீளும் என்பது சரி. ஆனால் வாழ்நாள் முழுக்கக் குத்தவைத்தே வேலை பார்த்த கிராமத்துப் பாட்டிமார்களும் ராத்திரியில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவதை நாம் பார்த்திருக்கிறோம். எனவே அதை முழு விளக்கமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பிடித்துக்கொண்ட அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சுருங்கிய சதையை நீட்ட வேண்டும். கெண்டைக்கால் என்றால், எழுந்து உட்கார்ந்து முழங்காலை நேராக நீட்டி, பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து முகத்தை நோக்கி இழுக்க வேண்டும். விரல்களை மட்டும் பிடித்து இழுத்தால் பலன் குறைவு. விரல்களுக்கு அடியில் தடித்திருக்கும் பகுதியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். வயிறு இடிக்கிறது, கை எட்டவில்லை என்பவர்கள் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இரண்டு நுனிகளையும் பிடித்து இழுக்கலாம். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு துண்டை வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அந்த நேரத்தில் எழுந்துபோய்த் தேட முடியாது. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மெதுவாக இழுத்து, சதை தளர்வது தெரியும்வரை பிடித்திருக்க வேண்டும்.

எழுந்து நின்று, இழுக்கும் காலைத் தரையில் ஊன்றிக் குதிகாலை அழுத்துவதும் வேலை செய்யும். ஆனால் வயதானவர்கள் இருட்டில், அரைத் தூக்கத்தில், ஒரு காலில் நிற்பது ஆபத்து. பிடிப்பு தானாகப் போய்விடும். இடுப்பெலும்பு முறிந்தால் அது அப்படிப் போகாது. அவர்கள் கட்டிலிலேயே உட்கார்ந்து நீட்டட்டும். உள்ளங்கால் சுருட்டிக்கொண்டால் விரல்களை மேல்நோக்கி வளைக்க வேண்டும். தொடையின் பின்பக்கம் என்றால் முழங்காலை நீட்ட வேண்டும், முன்பக்கம் என்றால் முழங்காலை மடக்கிக் குதிகாலைப் பிட்டத்தை நோக்கிக் கொண்டுவர வேண்டும். விட்ட பிறகு கையால் நீவிவிடலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் ஒத்தடத்தைத் தவிர்க்கட்டும். சூடு தெரியாமல் தோல் வெந்துபோன பாதங்கள் மருத்துவமனைகளுக்கு வருவது வழக்கம்தான்.

இனி, திரும்பத் திரும்ப ஏன் வருகிறது என்ற கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் கதையை இங்கே சொன்னால் விளங்கும். சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர், வயது 64. சர்க்கரை இல்லை. ரத்தக் கொதிப்புக்குப் பல ஆண்டுகளாக ஒரே மாத்திரை. வருடத்தில் ஓரிரு முறை கால் இழுக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. திடீரென்று வாரத்துக்கு மூன்று ராத்திரி என்று ஆகிவிட்டது. மருமகள் கால்சியம் வாங்கித் தந்தார். தினமும் வாழைப்பழம் சாப்பிட்டார். பலன் இல்லை. தூக்கம் கெட்டு, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கத் தொடங்கியபோதுதான் டாக்டரிடம் போனார்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது இல்லை. "மாத்திரை அட்டையெல்லாம் எடுத்துட்டு வந்தீங்களாம்மா?" என்றார். அம்மா பையிலிருந்து எடுத்து வைத்தார். கொதிப்பு கட்டுக்குள் வரவில்லை என்று இரண்டு மாதத்துக்கு முன்பு வேறோர் இடத்தில் பழைய மாத்திரையோடு குளோர்தாலிடோன் சேர்த்திருந்தார்கள். சிறுநீரை அதிகம் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் வகை மருந்து அது.

"இது ஆரம்பிச்சது எப்ப, கால் இழுக்க ஆரம்பிச்சது எப்பம்மா?"

அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மாத்திரை மாறிய மூன்றாவது வாரத்தில்தான் கால் இழுக்கத் தொடங்கியிருந்தது. அதுவரை இரண்டையும் சேர்த்து யோசித்ததே இல்லை.

சோடியம், பொட்டாசியம், கால்சியம், சிறுநீரக அளவு, தைராய்டு, சர்க்கரை எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. உப்புச் சத்து எதுவும் குறையவில்லை. "அப்போ மாத்திரையால இல்லையே டாக்டர்?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வகை மருந்து சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ரத்தத்தில் அளவுகள் சரியாக இருக்கும்போதே பிடிப்பு வருவதுண்டு. டாக்டர் அதை நிறுத்தி, வேறு வகைக் கொதிப்பு மாத்திரையை எழுதினார். இரண்டு வாரம் கழித்து அழுத்தம் பார்க்க வரச் சொன்னார். கூடவே, படுக்கப் போகுமுன் செய்யும் நீட்டல் பயிற்சி ஒன்றைச் சுவரருகே நிறுத்திச் செய்து காட்டினார். ஆறு வாரத்தில் பிடிப்பு மாதத்துக்கு ஒன்று என்று இறங்கியது.

எது குணப்படுத்தியது? மாத்திரை மாறியதா, பயிற்சியா, தானாகவே தணிந்ததா? உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டரே ஒப்புக்கொண்டார். இந்த நோயில் அந்த நேர்மை தேவைப்படுகிறது. இரவுப் பிடிப்பு அலைபோல வந்து போகிற தொல்லை. சில வாரம் பாடாய்ப் படுத்தும், பிறகு காரணமே இல்லாமல் ஓய்ந்துவிடும். மனிதர்கள் மருந்து தேடுவது தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டாலும் அடுத்த சில வாரத்தில் தணியத்தான் போகிறது. புகழ் முழுவதும் சாப்பிட்ட பொருளுக்குப் போய்விடுகிறது.

இதை அப்பட்டமாகக் காட்டியது 2017இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு ஒன்று. அடிக்கடி இரவுப் பிடிப்பு வந்துகொண்டிருந்த 94 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மெக்னீசியம் மாத்திரையும் மற்றக் குழுவுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று சாப்பிட்டவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. மெக்னீசியம் சாப்பிட்டவர்களுக்கு வாரத்துக்குச் சுமார் 3 பிடிப்புகள் குறைந்தன. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சுமார் 3 குறைந்தன. பக்கத்து வீட்டுக்காரர் தனக்குச் சரியானது என்று சொன்னது பொய் இல்லை. அவருக்கு உண்மையிலேயே சரியானது. ஆனால் மாத்திரைக்குப் பதில் வெறும் மாவுருண்டையைச் சாப்பிட்டிருந்தாலும் சரியாகியிருக்க வாய்ப்பு அதிகம். மெக்னீசியம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பும், வயதானவர்களின் பிடிப்பைத் தடுக்க அது சொல்லிக்கொள்ளும்படி உதவ வாய்ப்பில்லை என்ற முடிவுக்குத்தான் 2020இல் வந்தது. கர்ப்பிணிகள் விஷயத்தில் மட்டும் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கின்றன.

வாழைப்பழம் சாப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் கால் பிடிப்புக்கு வைத்தியம் என்று இளநீரும் பழமுமாகக் குவிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தங்கும். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அது மிகவும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இவர்கள் தாமாகப் பொட்டாசியம் மருந்து வாங்கிக் குடிக்கவே கூடாது.

பழைய வைத்தியமான குயினைனையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மலேரியாவுக்கான இந்த மருந்தைக் கால் பிடிப்புக்கு எழுதும் வழக்கம் மேல்நாடுகளில் வெகுகாலம் இருந்தது. ஓரளவு பலனும் உண்டு. ஆனால் சிலருக்கு ரத்தத் தட்டணுக்களைச் சடாரென்று குறைத்துவிடும், இதயத் துடிப்பைக் கெடுக்கும், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. அதனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் அனுமதி பெறாத குயினைன் மாத்திரைகளைச் சந்தையிலிருந்து விலக்கியதோடு, கால் பிடிப்புக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் எச்சரித்தது. யாராவது பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு டாக்டர் காட்டிய பயிற்சிக்கு வருவோம். 2012இல் நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதியினர் ஆறு வாரம் தினமும் படுக்குமுன் கெண்டைக்காலையும் தொடையின் பின்பக்கத்தையும் நீட்டினார்கள். மறுபாதியினர் எதுவும் செய்யவில்லை. நீட்டியவர்களுக்குப் பிடிப்பின் எண்ணிக்கையும் குறைந்தது, வலியின் கடுமையும் குறைந்தது. அதற்கு ஏழு ஆண்டு முன்பு, குயினைன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வில் கெண்டைக்கால் நீட்டலால் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆக, சான்று அப்படியொன்றும் பலமானதில்லை. இருந்தாலும் காசு இல்லை, பக்கவிளைவு இல்லை, ஐந்து நிமிட வேலை. முதலில் முயன்று பார்க்க இதைவிடத் தோதானது வேறில்லை என்பதே என் கணிப்பு.

செய்யும் விதம் இது. சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை லேசாக மடக்குங்கள். மற்றக் காலை ஓரடி தூரம் பின்னே வைத்து முழங்காலை நேராக வைத்திருங்கள். பின்னங்காலின் குதிகால் தரையைவிட்டுக் கிளம்பக் கூடாது. விரல்கள் சுவரைப் பார்த்து நேராக இருக்க வேண்டும். இப்போது இடுப்பை மெதுவாகச் சுவரை நோக்கித் தள்ளுங்கள். பின்னங்காலின் கெண்டைச் சதையில் இழுவை தெரியும். வலிக்கும் அளவுக்குப் போகாமல், இழுவை தெரியும் இடத்திலேயே 10 நொடியிலிருந்து 30 நொடிவரை மூச்சை அடக்காமல் நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை.

பலர் இதைத் தவறாகவே செய்கிறார்கள். குதிகால் தூக்கிக்கொள்கிறது, அல்லது பின் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக்கொள்கிறது. இரண்டிலும் சுவரைத் தள்ளும் உணர்வு இருக்குமே தவிர, சதை நீளாது. இழுவை கெண்டையில் தெரியாவிட்டால் பின்னங்காலை இன்னும் ஒரு சாண் பின்னே நகர்த்தி, பாதத்தை நேராக்கிப் பாருங்கள். குதித்துக் குதித்துச் செய்வதும் கூடாது. துள்ளத் துள்ளச் சதை எதிர்த்து இறுகும். நம் வீட்டு டைல்ஸ் தரையில் ஈரக்காலோடு இதைச் செய்தால் பின்கால் வழுக்கும். கால் கழுவிவிட்டுப் படுக்கும் பழக்கம் உள்ளவர்கள் நன்றாகத் துடைத்துக்கொண்டு, ரப்பர் செருப்போ மிதியடியோ காலுக்கடியில் இருக்கும்படி செய்யட்டும்.

தொடையின் பின்பக்கத்துக்குக் கட்டிலின் ஓரமே போதும். ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலைக் கட்டில்மேல் நேராக நீட்டி, மற்றக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, முதுகைக் கூன் போடாமல் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். பாதத்தைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. தொடைக்கடியில் இழுவை தெரிந்தால் சரி. நிற்கவே தடுமாறுகிறவர்கள் கெண்டைக்காலையும் இப்படி உட்கார்ந்தபடியே துண்டை மாட்டி இழுத்து நீட்டிக்கொள்ளலாம். ஆறு வாரமாவது விடாமல் செய்துவிட்டுத்தான் பலன் உண்டா இல்லையா என்று முடிவுகட்ட வேண்டும். எத்தனை ராத்திரி இழுத்தது என்று காலண்டரில் ஒரு புள்ளி வைத்துவந்தால் போதும். ஞாபகம் இந்த விஷயத்தில் நம்பத்தக்கதில்லை.

படுக்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றலாம். மல்லாந்து படுப்பவர்கள் பாதத்துக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்து விரல்கள் மேல்நோக்கி நிற்கும்படி வைக்கலாம். குப்புறப் படுப்பவர்கள் பாதம் கட்டில் ஓரத்துக்கு வெளியே தொங்கும்படி கீழே இறங்கிப் படுத்தால், பாதம் பின்னோக்கி நீளாது. போர்வையைக் காலடியில் இறுக்கிச் செருக வேண்டாம்.

மருந்துகளில் சந்தேகப்பட வேண்டியவை எவை? சிறுநீரைக் கூட்டும் கொதிப்பு மாத்திரைகள் முதலிடம். கூட்டு மாத்திரைகளில் இது மறைந்திருக்கும். பெயருக்குப் பின்னால் "ஹெச்" எழுத்து ஒட்டிய பலவற்றில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற சிறுநீர் மருந்து சேர்ந்திருக்கிறது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். ஆஸ்துமாவுக்கும் நுரையீரல் அடைப்பு நோய்க்கும் உறிஞ்சும் சால்மெட்டரால் வகை மருந்து அடுத்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள்மீது பலருக்கும் சந்தேகம் உண்டு. இரவுப் பிடிப்போடு அவற்றுக்கு உள்ள தொடர்பு மற்ற இரண்டைவிடப் பலவீனமானது. இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கால் இழுத்தால் தூக்கம் கெடும், கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். அட்டையோடு டாக்டரிடம் போய்ச் சொல்வதுதான் உங்கள் வேலை.

கர்ப்பத்தின் பின்மாதங்களில் கால் இழுப்பது மிகச் சாதாரணம். பிரசவத்துக்குப் பிறகு போய்விடும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் கல்லீரல் சுருங்கியவர்களுக்கும் பிடிப்பு அதிகம். அவர்கள் ஏற்கெனவே பார்க்கும் டாக்டரிடமே சொல்லலாம். டயாலிசிஸில் எவ்வளவு நீர் எடுக்கிறார்கள் என்பதை மாற்றியமைப்பதால் குறைவதுண்டு.

இரவில் காலில் வரும் எல்லாத் தொல்லையும் பிடிப்பு இல்லை. டாக்டரிடம் போகுமுன் இதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டால் இருவருக்கும் வேலை எளிது. சதை கல்லாக இறுகுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இறுகவில்லை, ஆனால் படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்போல, எழுந்து நடந்தால் சுகமாக இருக்கிறது என்றால் அது அமைதியற்ற கால் என்ற வேறு நோய். அதில் இரும்புச் சத்து குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சத்துக் குறைவு என்ற வீட்டுத் தீர்ப்பு பலிக்கக்கூடிய இடம் உண்மையில் இதுதான். பாதம் எரிகிறது, ஊசி குத்துகிறது, செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை என்றால் நரம்பு பாதிப்பு; நம் ஊரில் பெரும்பாலும் சர்க்கரையால் வருவது.

ரத்தக் குழாய் அடைப்பு வேறு மாதிரிப் பேசும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் இரண்டொரு நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடி வலிக்கும். நோய் முற்றினால் ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால் சற்றுத் தணியும். பீடி, சிகரெட் பிடிப்பவரும் சர்க்கரை உள்ளவரும் இப்படிச் சொன்னால் தள்ளிப்போடக் கூடாது. பாதத்தில் ஆறாத புண்ணும் இருந்தால் அந்த வாரமே காட்ட வேண்டும். நடக்கும்போதும் நிற்கும்போதும் இரண்டு காலும் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகிறது என்றால் முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்ப்பார்கள்.

எப்போதாவது வந்து, நீட்டினால் விட்டுவிடும் பிடிப்புக்கு டாக்டர் தேவையில்லை. வாரத்தில் பல இரவுகள் தூக்கம் கெடுகிறது, பத்து நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை, புது மருந்து தொடங்கிய பிறகு வந்தது என்றால் அடுத்த முறை போகும்போது மறக்காமல் சொல்லுங்கள். காலில் பலம் குறைகிறது, ஒரு கால் சதை மெலிகிறது, பிடிப்பு கை, வயிறு என்று மற்ற இடங்களுக்கும் பரவுகிறது என்றால் அதற்கென்றே நாள் குறித்துப் போக வேண்டும். தைராய்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கு விரல்கள் இழுத்துக்கொண்டு வாயைச் சுற்றி மரத்துப்போனால் கால்சியம் இறங்கியிருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். ஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்கு உடம்பெல்லாம் சதை வலித்து, சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனாலும் அன்றே.

இன்னும் ஒன்று அவசரமானது. ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலியாக, நீட்டியும் விடாமல் மணிக்கணக்கில் இருந்தால் அதைப் பிடிப்பு என்று எண்ணித் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உள் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். நெடும் பேருந்து, விமானப் பயணத்துக்குப் பிறகு, அறுவைக்குப் பிறகு, பிரசவத்தை ஒட்டி, பல நாள் படுக்கையில் கிடந்த பிறகு இதற்கான வாய்ப்பு கூடுகிறது. கூடவே மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். விடியும்வரை காத்திராமல் 108க்கு அழைக்க வேண்டும்.

சாதாரணப் பிடிப்புக்குப் போகிறவரிடம் டாக்டர் பெரிதாக எதுவும் செய்யமாட்டார். கணுக்காலுக்குப் பின்னும் பாதத்தின் மேலும் நாடி பார்ப்பார், பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பார், மாத்திரைகளைப் பார்ப்பார், தேவைப்பட்டால் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார். எல்லோருக்கும் ஸ்கேன் தேவைப்படாது. புள்ளி வைத்த காலண்டர் தாளையும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து, கடையில் வாங்கிய சத்து மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.